பெயரை மட்டும் சொல்லும் முதல் செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சுமையோடு வருகிறவர்களுக்குக் காதுகொடுக்கும் சேவைகளில், குறுஞ்செய்தி வழியே பதில் எழுதும் தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே ஒரே சூழலைப் பற்றியவை. முன்பின் தெரியாத ஒருவர் முதல் செய்தியாகத் தன் பெயரை மட்டும் அனுப்பியிருக்கிறார். "நான் மாலா." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, விஷயம் இல்லை. மாலா, செல்வி என்ற பெயர்களும் கீழே வரும் உரையாடலும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை.

வெறும் பெயர்தான் வந்திருக்கிறது. இதற்கு என்ன பதில் எழுதுவது?

"வணக்கம் மாலா. நான் செல்வி. இங்கேதான் இருக்கிறேன்."

இது போதும். இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவர் பெயரை அவர் எழுதியபடியே திருப்பிச் சொல்கிறீர்கள். அதனால் செய்தி வந்து சேர்ந்தது, ஒரு மனிதர் படித்தார் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து உங்கள் பெயரைச் சொல்கிறீர்கள். கடைசியாக, நீங்கள் இப்போது இருக்கிறீர்கள், போய்விடப் போவதில்லை என்கிறீர்கள். கேள்விக்குறி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை.

நீளமும் முக்கியம். வந்தது இரண்டு சொல். அதற்கு ஆறு வரியில் சேவையின் அறிமுகம், விதிமுறைகள், ஆறுதல் எல்லாம் போனால், எதிரில் இருப்பவர் அந்த அளவுக்கு ஈடாகத் தானும் ஏதாவது எழுதியாக வேண்டும் என்று திணறுவார். சொல்லியே தீர வேண்டிய விதிமுறை இருந்தால், அவர் இரண்டாவது செய்தி அனுப்பிய பிறகு சொல்லலாம்.

"என்ன விஷயம்?" என்று கேட்டால் என்ன தப்பு? எல்லாரும் கேட்பதுதானே?

தெரிந்தவர்களுக்குள் அது சாதாரணக் கேள்விதான். உறவுக்காரர் போன் செய்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். இங்கே நிலைமை வேறு. சொல்லக்கூடிய வடிவத்தில் ஒரு விஷயம் கையில் இருந்திருந்தால், பெரும்பாலும் அதையும் சேர்த்தே எழுதியிருப்பார். பெயரோடு நிறுத்திக்கொண்டார் என்றால், இந்த நேரத்தில் அவரால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அவரிடம் உடனே விஷயத்தைக் கேட்பது, எதை எழுத முடியாமல் நின்றாரோ அதையே நுழைவுச் சீட்டாகக் கேட்பது.

கேட்டால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சிலர் "ஒன்றுமில்லை, தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் பதிலே எழுதமாட்டார்கள். மூன்றாவது வகைதான் கண்ணில் படாமல் தப்பிவிடுவது. அவர்கள் ஒரு காரணத்தைச் சொல்வார்கள், ஆனால் அது சொல்வதற்குச் சுலபமான, வெட்கப்பட வேண்டியிராத, சின்னக் காரணமாக இருக்கும். "தூக்கம் வரவில்லை" என்பார்கள். நீங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பீர்கள். எத்தனை நாளாக, டீ குடிக்கிறீர்களா, படுக்கையில் போன் பார்க்கிறீர்களா என்று உரையாடல் அந்தப் பாதையிலேயே ஓடும். அரை மணி நேரம் கழித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். உங்களுக்கும் உதவி செய்த திருப்தி இருக்கும். அவர் எதற்காக வந்தாரோ அது அப்படியே அவரோடு திரும்பிப் போயிருக்கும்.

இது நடந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் காரணத்துக்குப் பொருந்தாத ஒரு வாக்கியம் நடுவில் வந்து விழும். தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது "யாருக்கும் இது தெரியாது" என்று எழுதுவார். தூக்கமின்மைக்கு இவ்வளவு ரகசியம் தேவையில்லை. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தை விட்டுவிடுங்கள்.

"எதற்காக எங்களைத் தொடர்புகொண்டீர்கள்?", "நாங்கள் எந்த வகையில் உதவலாம்?" என்று மரியாதையாகக் கேட்டாலும் பலன் இதேதான். இரண்டாவது கேள்வி கனிவாகத் தெரியும். ஆனால் தனக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நான் எதுவும் கேட்காவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடாதா?

நிற்காமல் போவதற்குக் காரணம் உரையாடலின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப், ஏறத்தாழ 500 தொலைபேசி உரையாடல்களின் தொடக்கங்களை ஆராய்ந்து 1968-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவர் அழைக்கிறார், மற்றவர் "ம், சொல்லுங்க" என்று ஏற்கிறார் என்றால், அடுத்துப் பேச வேண்டிய முறை அழைத்தவருடையது என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. கூப்பிட்டுவிட்டு, பதில் வந்ததும் சும்மா இருப்பது மனிதர்களுக்குக் கடினம். தொடர வேண்டும் என்ற உந்துதல் கூப்பிட்டதிலேயே அடங்கியிருக்கிறது.

பெயரை மட்டும் அனுப்புவதும் ஒரு கூப்பிடுதல்தான். "இங்கேதான் இருக்கிறேன்" என்று நீங்கள் சொன்னதும் முறை தானாக அவரிடம் போகிறது. எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், இப்போதே சொல்வதா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும். நீங்கள் ஒரு கேள்வியைப் போட்டால் முறை அப்போதும் அவரிடம்தான் போகும், ஆனால் பதிலின் தலைப்பை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம்.

எழுத்தில் இந்த உந்துதல் தொலைபேசியைவிடத் தளர்வானது என்பதையும் சொல்ல வேண்டும். போனில் நான்கு விநாடி மௌனமே கனக்கும். குறுஞ்செய்தியில் நாற்பது நிமிடம் கழித்துக்கூட அடுத்த வரி வரலாம், அது இயல்புதான். ஆகவே இந்த வழி வேலை செய்யவில்லை என்று ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள்.

என் பெயரை எதற்குச் சொல்ல வேண்டும்? சேவையின் பெயர் போதாதா?

அவர் கொடுத்தது பெயர். அதற்குச் சமமாகத் திருப்பித் தரக்கூடியது பெயர்தான். இதைப் பற்றி நல்ல கவனிப்பு ஒன்று உண்டு. ஷெக்லாஃபின் சக ஆய்வாளர் ஹார்வி சாக்ஸ், மனநல அவசர உதவிக்காக ஒரு மருத்துவமனைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை 1960-களில் ஆராய்ந்தார். அங்கே பணியாளர்களுக்கு அழைப்பவரின் பெயர் தேவைப்பட்டது, ஆனால் பலர் சொல்ல விரும்பவில்லை. பணியாளர் தன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் அழைத்தவரும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிவிடுகிறார் என்பதையும், நேரடியாக "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால் "எதற்கு?" என்று திருப்பிக் கேட்க இடம் உண்டாகிறது என்பதையும் அவர் கவனித்தார். பெயருக்குப் பெயர் என்பது ஜோடியாக வருவது.

நம் சூழலில் முதல் பாதியை அவரே செய்துவிட்டார். பல பணியாளர்கள் சுற்றிவளைத்துப் பெறப் பார்த்ததை, கேட்காமலே முதல் செய்தியில் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு "எங்கள் சேவைக்கு நல்வரவு" என்று ஒரு நிறுவனக் குரல் போனால், ஒரு பக்கம் மனிதரும் மறுபக்கம் பலகையுமாக உரையாடல் தொடங்கும்.

உண்மைப் பெயர்தான் சொல்ல வேண்டுமா என்றால், தேவையில்லை. பல சேவைகளில் தன்னார்வலர்கள் முதற்பெயரை மட்டும் தருவார்கள், அல்லது பணிக்கென ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் சரிதான். அந்த உரையாடல் முழுவதும் ஒரே பெயராக இருக்க வேண்டும். நடுவில் வேறொருவர் பொறுப்பேற்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். "செல்வி" என்று நம்பி எழுதிக்கொண்டிருப்பவருக்குச் சத்தமில்லாமல் வேறு யாரோ பதில் எழுதுவது நம்பிக்கை மோசடி என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு உரையாடல் முழுவதும் எப்படிப் போகும் என்று காட்ட முடியுமா?

இரவு நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

11.42 மாலா: நான் மாலா
11.44 செல்வி: வணக்கம் மாலா. நான் செல்வி. இங்கேதான் இருக்கிறேன்.
11.51 மாலா: ம்
11.52 செல்வி: சரி மாலா. அவசரம் ஒன்றுமில்லை.
12.03 மாலா: சும்மாதான் அனுப்பினேன்
12.04 செல்வி: சும்மா அனுப்பலாம். நான் இன்னும் ஒரு மணி நேரம் இருப்பேன்.
12.15 மாலா: வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க
12.16 செல்வி: எல்லாரும் தூங்கியாச்சு, நீங்கள் விழித்திருக்கிறீர்கள்.
12.18 மாலா: தினமும் இப்படித்தான். அப்பா போனதிலிருந்து

11.51-இல் வந்த "ம்" என்பதைப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஏழு நிமிடம் கழித்து ஒற்றை எழுத்து வந்தால், ஏதாவது கேட்டுப் பேச்சை எடுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் அந்த "ம்" ஒரு முழுமையான பதில். உங்கள் செய்தியைப் படித்தேன், இன்னும் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். செல்வி அதை ஏற்றுக்கொண்டு, நேரத்தைப் பற்றிய அழுத்தத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்.

"சும்மாதான்" என்று வந்ததும் அடுத்த சோதனை. அதை நம்பாமல் "சும்மாவாக இருக்காது, சொல்லுங்கள்" என்று எழுதினால், காரணம் கேட்கும் வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறோம். செல்வி அதை அப்படியே ஏற்கிறார். கூடவே தான் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைச் சொல்கிறார். இந்தத் தகவல் மிக உபயோகமானது. எந்த நிமிடமும் கதவு சாத்தப்படலாம் என்ற பயம் இல்லாவிட்டால்தான் ஒருவரால் மெதுவாக வர முடியும். சொன்ன நேரம் வரை உண்மையிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

12.16-இல் செல்வி எழுதியது, மாலா சொன்னதையே கொஞ்சம் திருப்பிச் சொன்னது. மாலா சொல்லாமல் விட்ட பாதி அதில் இருக்கிறது, ஆனால் "ஏன் நீங்கள் தூங்கவில்லை?" என்ற கேள்வி இல்லை. இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அதுவரை ஏழு, பதினொன்று, பதினொன்று நிமிடம் என்று இருந்த இடைவெளி இரண்டாகக் குறைந்ததே பேச்சு திறந்துகொண்டதற்கு நல்ல அடையாளம். இடைவெளிகளைக் கவனிக்கப் பழகுங்கள். எழுத்தில் குரலின் இடத்தில் இருப்பது அதுதான்.

மொத்தம் 36 நிமிடம். காரணம் வந்துவிட்டது, யாரும் கேட்கவில்லை. இப்போது "அப்பா போனதிலிருந்து" என்றதும் "எப்போது? எப்படி?" என்று வரிசையாகக் கேட்டுவிட்டால் இவ்வளவு நேரப் பொறுமையும் வீண். "அப்பா போனதிலிருந்து தினமும்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தலாம். அப்பாவைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை மாலாவே முடிவு செய்யட்டும்.

நான் பதில் போட்டேன், அவர் பார்த்தும்விட்டார், ஒன்றும் எழுதவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

முதலில், தட்டச்சு செய்கிறார் என்ற அடையாளம் வந்து வந்து மறைந்தால் எதுவும் அனுப்பாதீர்கள். அவர் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் செய்தி வந்து விழுந்தால், எழுதியதை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். "ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்களே" என்று சொல்லவும் கூடாது. அழித்தது அவருடைய சொந்த விஷயம்.

எந்த அசைவும் இல்லையென்றால் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். "மாலா, நான் இன்னும் இருக்கிறேன்" என்பது போதும். "இருக்கிறீர்களா?" என்று கேட்டால் வருகைப்பதிவு எடுப்பது போல ஆகிவிடும். அதன் பிறகும் மௌனம் என்றால் நீங்கள் கிளம்பும் முன் ஒரு செய்தி எழுதிவிட்டுப் போங்கள்:

"மாலா, எனக்கு 1 மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு எப்போது எழுதினாலும் எங்களில் ஒருவர் படிப்போம். அப்போதும் பெயர் மட்டும் போதும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறையாவது விஷயத்தோடு வர வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் இருந்தால் அதை இது எடுத்துவிடும். ஆனால் உங்கள் குழுவில் எல்லாரும் இந்த முறையைப் பின்பற்றினால் மட்டும் எழுதுங்கள். நாளை வேறொருவர் "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் இன்று கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும்.

மௌனத்தோடு முடிந்த உரையாடலைத் தோல்வி என்று எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிலர் முதல் நாள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, திறக்கிறது என்று தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். ஒரு வாரம் கழித்து வந்து நேராக விஷயத்தைச் சொல்வார்கள்.

அவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால்? கேட்காமல் இருப்பது தவறாகிவிடாதா?

காரணம் கேட்பதும் பாதுகாப்பைக் கேட்பதும் வேறு வேறு. "ஏன் இப்படி நினைக்கிறீர்கள்?" என்பது காரணம். "இப்போது உங்கள் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா?" என்பது பாதுகாப்பு. முதலாவதைத் தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தேவைப்படும்போது தள்ளிப்போடவே கூடாது.

பெயர் மட்டும் வந்தது என்பதே அபாய அறிகுறி ஆகிவிடாது. ஆனால் தொடர்ந்து வரும் வரிகளில் விடைபெறும் தொனி இருந்தால், "இனி யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன்" என்பது போல ஏதாவது வந்தால், மாத்திரை, உயரமான இடம் என்று குறிப்பு தெரிந்தால், சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "மாலா, தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறான பயம். நேரடியாகக் கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை, பலருக்கு அதைச் சொல்ல ஒரு வழி கிடைத்த நிம்மதிதான் வருகிறது. "ஆமாம்" என்றால் இப்போது எங்கே இருக்கிறார், கையில் ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, உங்கள் சேவையின் அவசர நடைமுறைக்குப் போங்கள். அப்போதும் "ஏன்" என்ற கேள்விக்கு அவசரமில்லை.

அந்தப் போனை வேறு யாராவது பார்க்கக்கூடும் என்று பயமாக இருக்கிறது.

சரியான பயம். பெயரோடு நிறுத்தியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பல போன்களில் பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். உங்கள் முதல் பதிலில் மனநலம், வன்முறை, ஆலோசனை போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம். "வணக்கம் மாலா. நான் செல்வி. இங்கேதான் இருக்கிறேன்" என்பதைக் கணவரோ மாமியாரோ பார்த்தால்கூடத் தோழியின் செய்தியாகத்தான் தெரியும். காரணம் கேட்கும் பதிலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. "என்ன பிரச்சினை, சொல்லுங்கள்" என்ற ஒரு வரியே அவருக்குப் பிரச்சினை ஆகிவிடலாம்.

வீட்டில் யாருக்காவது பயப்படுகிறார் என்று பின்னால் தெரியவந்தால், "இப்போது எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். நடை திடீரென்று மாறினால், அதுவரை எழுத்துப்பிழையோடு எழுதியவர் சுத்தமாக எழுத ஆரம்பித்தாலோ, "நீங்கள் யார், இது என்ன நம்பர்" என்று கேட்டாலோ, போன் கை மாறியிருக்கலாம். அப்போது அதுவரை பேசிய எதையும் குறிப்பிடாதீர்கள்.

அது பொய்ப் பெயராக இருந்தால்?

இருக்கட்டும். அவர் கொடுத்த பெயர்தான் அவர் பெயர். திரையில் வேறு பெயர் தெரிந்தாலும், முகப்புப் படத்தில் வேறு யாரோ இருந்தாலும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பெயரை வைத்து ஆணா பெண்ணா, வயது என்ன என்று ஊகித்து அண்ணா, அம்மா, தம்பி என்று போடவும் வேண்டாம். பெயரும் "நீங்கள்"-உம் எல்லாருக்கும் பொருந்தும்.

நான் எந்தச் சேவையிலும் இல்லை. என் சொந்த எண்ணுக்கு "ஹாய், நான் இன்னார்" என்று தெரியாத ஆள் அனுப்பினால்? மோசடியாக இருக்கலாமே.

இருக்கலாம். தவறுதலாக வந்தது போன்ற செய்தியில் தொடங்கி, நட்பாகப் பேசி, சில வாரம் கழித்து முதலீட்டில் பணம் போடச் சொல்லும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. பதில் எழுத வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. தெரியாத எண்ணை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் காரணம் கேட்டால் மோசடிக்காரர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தால், அது நேர்மாறாகத்தான் வேலை செய்யும். அவரிடம் காரணம் தயாராக இருக்கும். பழைய நண்பரின் எண் என்று நினைத்தேன், முகவரி கேட்க அனுப்பினேன் என்று சரளமாகச் சொல்வார். காரணம் சொல்ல முடியாமல் திணறுகிறவர் பெரும்பாலும் தயங்கி வந்த நிஜ மனிதர்தான். ஆகவே அந்தக் கேள்வி வடிகட்டியாக உதவாது. பார்க்க வேண்டியது அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்பதை. வேறு செயலிக்கு வரச் சொல்வது, தவறான எண் என்று தெரிந்த பிறகும் பேச்சை வளர்ப்பது, கேட்காமலே படங்கள் அனுப்புவது, இணைப்பைத் திறக்கச் சொல்வது, ஓடிபி, பணம். இவற்றில் எது வந்தாலும் எண்ணைத் தடை செய்துவிடுங்கள், விளக்கம் தேவையில்லை.

எங்கள் பதிவுப் படிவத்தில் "தொடர்புகொண்ட காரணம்" என்ற கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போக முடியும். என்ன செய்வது?

காரணம் கேட்கும் பழக்கத்தின் வேர் பல இடங்களில் இந்தக் கட்டம்தான். தன்னார்வலருக்கு ஆர்வம் இல்லாவிட்டாலும் படிவத்துக்குத் தேவைப்படுகிறது, எனவே கேட்கிறார். "சொல்லவில்லை" என்று ஒரு தேர்வைச் சேர்க்கச் சொல்லுங்கள். "தெரியாது" என்பதைவிட அது நேர்மையானது. அந்தத் தேர்வு இல்லாதபோது ஆட்கள் தோன்றியதைப் போட்டுவிடுவார்கள், ஆண்டு முடிவில் அந்தப் புள்ளிவிவரத்தை நம்பித் திட்டம் போடுவார்கள்.

தானியங்கிப் பதிலுக்கும் இதே கதைதான். பெயர் மட்டும் அனுப்பியவருக்கு "குடும்பம் என்றால் 1, படிப்பு என்றால் 2" என்று இயந்திரம் பதில் சொன்னால், மனிதர் வரும் முன்பே காரணம் கேட்டாகிவிட்டது. தானியங்கிச் செய்தி தவிர்க்க முடியாதது என்றால் ஒரு வரி போதும்: இது தானாக வரும் பதில், ஒரு மனிதர் இத்தனை நிமிடத்துக்குள் படிப்பார். அந்த நிமிடக் கணக்கைக் கூட்டியே சொல்லுங்கள். பத்து என்று சொல்லி இருபதில் வருவதைவிட, முப்பது என்று சொல்லி இருபதில் வருவது நல்லது.

எல்லா இடத்திலும் இப்படியே பதில் சொல்லலாமா?

இல்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் இடத்தையும் நிலைமையையும் உடனே கேட்டாக வேண்டும், தாமதம் உயிரைக் கொண்டுபோகும். பதிவு அலுவலகம், வங்கி போன்ற இடங்களிலும் என்ன வேலை என்று தெரியாமல் நகர முடியாது. அங்கேயும் வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்டால் போதும். "எந்தச் சான்றிதழ் வேண்டும்?" என்பது வேலை. "இப்போது ஏன் இது தேவைப்படுகிறது?" என்பது பல நேரங்களில் வேலையைச் சேர்ந்ததே இல்லை.

நான்தான் அந்தப் பெயரை அனுப்பியவள். ஒன்றும் எழுதத் தெரியவில்லை, அனுப்பிவிட்டுச் சங்கடமாக இருக்கிறது. நான் செய்தது தப்பா?

தப்பே இல்லை. உங்கள் செய்தியைப் படித்தவருக்குத் தேவையான அளவு அதில் இருக்கிறது. உங்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பது அவருக்குத் தெரியும், நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அடுத்ததாக விஷயத்தைத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. "ம்" என்று எழுதலாம். "இப்போது பேச முடியவில்லை" என்று எழுதலாம். யாராவது "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டால், "இன்னும் சொல்ல வரவில்லை, ஆனால் போக வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பயிற்சி உள்ளவர் அதைப் படித்ததும் கேள்வியை விட்டுவிடுவார். விடாமல் கேட்டால் உரையாடலை முடித்துவிட்டு வேறு நேரத்தில், வேறு ஒருவரிடம் முயற்சி செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் எழுத்துக்காகக் காத்திராமல் உங்கள் ஊர் அவசர எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.